கடல் தண்ணீர் பட்ட போனுக்கு எந்தத் திட்டம் பணம் தரும்?

ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ போன் வாங்கப் போனால், மாடலைத் தேர்ந்தெடுத்து முடித்த கையோடு இன்னொரு பேச்சு வரும். "இன்னும் ஆயிரத்தைந்நூறு சேத்துப் போட்டுக்கங்கண்ணே, ரெண்டு வருசத்துக்கு ஒரு கவலையும் இல்ல." எதற்குக் கவலை இல்லை என்று அங்கே யாரும் விளக்குவதில்லை. அந்தத் தொகைக்குக் கிடைக்கும் தாள் எக்ஸ்டெண்டட் வாரண்டியாக இருக்கலாம், டிஸ்பிளே திட்டமாக இருக்கலாம், தண்ணீர்ச் சேதமும் சேர்ந்த முழுத் திட்டமாகவும் இருக்கலாம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டி வாழ்கிறவருக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம். இங்கே போனுக்கு வரும் பெரிய ஆபத்து உப்புத் தண்ணீர். அதிகம் விற்கப்படும் எக்ஸ்டெண்டட் வாரண்டியோ உப்புத் தண்ணீருக்கு ஒரு ரூபாய்கூடத் தராது.

## ஒரே பேச்சில் விற்கப்படும் நான்கு வேறு சரக்குகள்

1. கம்பெனி வாரண்டி. போனோடு இலவசமாக வருவது. பெரும்பாலும் போனுக்கு ஓராண்டு; சார்ஜர், கேபிள் போன்றவற்றுக்குப் பல பிராண்டுகளில் ஆறு மாதம். தயாரிப்பில் இருந்த குறையால் போன் கெட்டால் மட்டும் இது பொருந்தும். கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது, வெளியே கழற்றப்பட்டது எதுவும் இதில் சேராது.

2. எக்ஸ்டெண்டட் வாரண்டி. மேலே சொன்ன அதே வாரண்டி இன்னும் ஓராண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ நீள்கிறது. முதல் ஆண்டு முடிந்த மறுநாள்தான் இது உயிர் பெறும். நாள் கூடுகிறதே தவிர, பாதுகாப்பின் வகை மாறுவதில்லை. தண்ணீர் முதல் ஆண்டில் எப்படி விலக்கோ, இரண்டாம் ஆண்டிலும் அப்படியே விலக்கு.

3. விபத்துச் சேதத் திட்டம். விழுந்து உடைந்தது, தண்ணீருக்குள் போனது இரண்டுக்கும் பணம் தரும் திட்டம். வாங்கிய நாளிலிருந்தோ, வாங்கிச் சில நாள் கழித்தோ தொடங்கும். இதிலேயே டிஸ்பிளேக்கு மட்டும் என்று ஒரு மலிவு வகை உண்டு. அதில் தண்ணீர் சேராது.

4. திருட்டுக் காப்பீடு. தனியாகவோ மூன்றாவதோடு சேர்த்தோ விற்கப்படும். விலை கூடுதல், நிபந்தனைகளும் கூடுதல்.

முதல் மூன்றும் பெரும்பாலும் சர்வீஸ் ஒப்பந்தங்கள். நான்காவது இன்சூரன்ஸ் பாலிசி. மூன்றாவதுகூடச் சில கம்பெனிகளில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் குழு பாலிசியாக வரும். கிளைம் மறுக்கப்பட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்யும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

## உப்புத் தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகிறது

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் அது குடிதண்ணீரைவிடப் பல மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். போனின் மதர்போர்டில் முடியளவு இடைவெளியில் செம்புத் தடங்கள் ஓடுகின்றன. ஒரு தடத்தில் பேட்டரியின் நேர் மின்னழுத்தம் இருக்கும், பக்கத்துத் தடத்தில் இருக்காது. இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் மின்னோட்டம் அதன் வழியே பாயும். நேர் பக்கத்துச் செம்பு கரைந்து பச்சைப் படிவாக மாறும். பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை, போன் அணைந்திருந்தாலும், சில இடங்களில் இது மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். சார்ஜரைச் செருகினால் வேகம் கூடும். சார்ஜிங் துளையின் மின்வரும் முனை முதலில் கறுத்துத் தேய்வது இதனால்தான்.

தண்ணீர் காய்ந்த பிறகும் பிரச்சினை தீராது. உப்பு உள்ளேயே தங்கிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், காற்றிலிருக்கும் ஈரத்தை அது எளிதில் இழுத்துக்கொள்ளும். கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இரவில் காய்ந்த உப்பு திரும்ப ஈரமாகிறது, அரிப்பு மறுபடி தொடங்குகிறது. கடலில் நனைந்த போன் மறுநாள் நன்றாக வேலை செய்துவிட்டு, நாலைந்து நாளில் திடீரென்று அணைவதன் காரணம் இதுதான். அரிசிக்குள் புதைத்து வைத்தாலும் உப்பு வெளியே வராது. தவிட்டுத் தூள் சார்ஜிங் துளைக்குள் போவதுதான் மிச்சம்.

பெட்டியில் ஐபி68 என்ற தண்ணீர்த் தடுப்புத் தரம் எழுதியிருக்கிறதே என்று பலர் நம்பி இறங்குகிறார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புதுப் போனில், அசைவில்லாத நிலையில் செய்யப்படுவது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 என்றால் கம்பெனி தானே சொல்லும் ஆழமும் நேரமும். அலை அடிக்கும் வேகமும் உப்பும் அந்தக் கணக்கில் இல்லை. உள்ளே தண்ணீரைத் தடுக்கும் பசையும் ரப்பரும் நாள்பட இறுகித் தளரும். ஒருமுறை டிஸ்பிளே மாற்றினால் பழைய தடுப்பு அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஐபி68 போனாகவே இருந்தாலும், தண்ணீர்ச் சேதத்துக்குக் கம்பெனி வாரண்டி கிடையாது என்றுதான் பிராண்டுகள் தங்கள் விதியில் எழுதி வைத்திருக்கின்றன.

சர்வீஸ் சென்டரில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பல மாடல்களில் சிம் ட்ரே போகும் துளைக்குள் ஒரு சின்ன வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும், பிறகு வெள்ளையாகாது. போனைத் திறந்தால் மதர்போர்டிலும் இதே போன்ற ஒட்டுகள் இருக்கும். அது சிவந்திருந்தால், போன் எந்தக் கோளாறுக்காகப் போயிருந்தாலும் வாரண்டியில் பார்க்க மாட்டார்கள். போன் வாங்கிய அன்றே சிம் ட்ரேயை இழுத்து, டார்ச் அடித்து அந்தத் தாளை ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

## விபத்துத் திட்டம் இருந்தும் கிளைம் எங்கே கவிழ்கிறது

கடலோரத்துக்குப் பொருந்துவது மூன்றாவது வகைதான். அதிலும் நான்கு இடங்களில் கிளைம் நிற்காமல் போகிறது.

1. போன் கையில் இல்லை. வள்ளத்திலிருந்து குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவி ஆழத்துக்குப் போய்விட்டால், அது தண்ணீர்ச் சேதம் என்றே நாம் நினைப்போம். திட்டத்தின் கணக்கில் அது தொலைந்த போன். சேதமடைந்த போனை ஒப்படைத்தால்தான் பழுதுபார்ப்போ மாற்றுப் போனோ பணமோ தருவார்கள். தொலைந்ததற்கு என்று தனியாக எழுதப்படாத திட்டத்தில் இதற்கு ஒன்றும் கிடைக்காது. கடலில் தொழில் செய்கிறவர் திட்டம் வாங்குவதற்கு முன்பே போனுக்கு ஒரு கழுத்துக் கயிறோ மிதக்கும் பையோ வாங்க வேண்டும். போன் கைக்குத் திரும்பி வந்தால்தான் திட்டத்துக்கே அர்த்தம்.

2. மெதுவாக வந்த அரிப்பு. விபத்து என்றால் ஒரு நாளில், ஒரு நேரத்தில், எதிர்பாராமல் நடந்தது. துரு, அரிப்பு, நாள்பட்ட தேய்மானம் ஆகியவை விலக்குப் பட்டியலில் இருக்கும். உப்புக்காற்றிலேயே இருந்து, ஈரக் கையோடு எடுத்துப் பேசி, ஒரு வருடத்தில் சார்ஜிங் துளை கறுத்துப் போனால் அது விபத்து அல்ல. கடல்பாசி எடுக்கப் போகிறவர்களும் கருவாடு காயப் போடுகிறவர்களும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களும் சந்திக்கும் சேதம் பெரும்பாலும் இந்த வகை. இதற்குத் தனித் திட்டம் எதுவும் இல்லை. கிளைம் படிவத்தில் "கொஞ்ச நாளாகவே சார்ஜ் ஏறவில்லை" என்று எழுதினால் அந்த ஒரு வரியே மறுப்புக்குப் போதும். விபத்து நடந்திருந்தால் நாளையும் நேரத்தையும் நடந்ததையும் உள்ளபடி எழுத வேண்டும். நடக்காததை எழுதினால், திறந்து பார்க்கும்போது பச்சைப் படிவின் அளவும் பரவலும் எத்தனை நாள் பழசு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

3. வெளியே திறந்தது. நனைந்த போனைக் காப்பாற்றத் துடிப்பு இருக்கும். பஜாரில் உள்ள கடையில் கொடுத்தால், திறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவித் தருவார்கள். உப்பை உடனே வெளியேற்றுவதற்கு அது சரியான வைத்தியம். ஆனால் திட்டம் இருக்கும் போனை அங்கீகாரம் இல்லாத இடத்தில் திறந்தால் கிளைம் போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். திட்டம் உயிரோடு இருந்தால் திறக்காதீர்கள். திட்டம் இல்லையென்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கடைக்குப் போங்கள்.

4. தகவல் தாமதம். பல திட்டங்கள் 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லச் சொல்கின்றன. விசைப்படகில் முந்தின நாள் போனவர் கரை திரும்பும்போது அதில் பாதி ஓடியிருக்கும். கடலில் சிக்னலும் இல்லை, போனும் நனைந்துவிட்டது. கரை ஏறியதும் வீட்டில் ஒருவருடைய எண்ணிலிருந்து கூப்பிட்டு, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். தாமதம் ஆகியிருந்தால், படகு கிளம்பிய டோக்கனைப் படம் எடுத்து இணைத்து, கடலில் இருந்ததால் தாமதம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். வாயால் சொன்னது பதிவாகாது.

திருட்டுக் காப்பீட்டில் இன்னும் ஒரு சிக்கல். அக்னி தீர்த்தக் கரையில் பையை வைத்துவிட்டுக் குளிக்க இறங்கி, திரும்பி வந்தால் போன் இல்லை என்பது இங்கே சாதாரணமாக நடப்பது. ஆளில்லாமல் விட்ட பொருள் காணாமல் போனால் பணம் கிடையாது என்பது பெரும்பாலான பாலிசிகளின் விதி. பூட்டை உடைத்தோ பறித்தோ போயிருந்தால்தான் திருட்டு. காவல் நிலையத்தில் முதலில் கிடைப்பது சிஎஸ்ஆர் ரசீது. இன்சூரன்ஸ் கம்பெனி கேட்பது எஃப்ஐஆர். போனை முடக்க sancharsaathi.gov.in தளத்தில் பதிவு செய்வதற்குக் காவல் புகாரின் நகல் தேவை, அதையும் உடனே செய்ய வேண்டும்.

## நனைந்த முதல் ஒரு மணி நேரம்

1. எடுத்தவுடன் அணைத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்காதீர்கள்.
2. உறை, கவர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஐபி தரம் இல்லாத போன் என்றால் சிம் ட்ரேயையும் வெளியே எடுங்கள்.
3. ஐபி67, ஐபி68 போனாக இருந்தால், ட்ரேயைத் திறக்காமல், வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசித் துடையுங்கள். உப்பு நீங்க இதைக் கம்பெனிகளே சொல்கின்றன. ஐபி தரம் இல்லாத போனில் தண்ணீர் ஊற்றாதீர்கள், துணியால் ஒற்றி எடுங்கள்.
4. சார்ஜிங் துளை கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், சார்ஜரில் போடவே வேண்டாம்.
5. வேறு போனிலிருந்து திட்டத்தின் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள்.

## ஒரு கணக்கு

24,000 ரூபாய் போன், பாம்பனில் நாட்டுப்படகில் போகிறவருடையது என்று வைத்துக்கொள்வோம். விபத்துத் திட்டம் ஓராண்டுக்கு 1,800 ரூபாய். ஒவ்வொரு கிளைமுக்கும் கையிலிருந்து கட்ட வேண்டியது 1,000 ரூபாய். இவை கணக்குக்கான எண்கள். உங்கள் திட்டத்தின் எண்ணை அதே இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

எட்டாவது மாதம் படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் போன் விழுந்து, எடுத்தாகிவிட்டது. சர்வீஸ் சென்டர் மதிப்பீடு: மதர்போர்டு 12,000, பேட்டரி 1,800, சார்ஜிங் போர்டும் கூலியும் 1,200. மொத்தம் 15,000. திட்டம் இருந்தால் 1,000 ரூபாயில் முடிகிறது. அதாவது திட்டத்தால் மிச்சம் 14,000.

1,800-ஐ 14,000-ஆல் வகுத்தால் சுமார் 13 விழுக்காடு. எட்டில் ஒரு பங்கு. எட்டு ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் இப்படி நடக்கும் என்று தோன்றினால் திட்டம் லாபம், இல்லையென்றால் நட்டம். தினமும் படகில் போகிறவருக்கு எட்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது ரொம்பக் குறைவான மதிப்பீடு, அவர் தயங்காமல் வாங்கலாம். ராமநாதபுரத்தில் அலுவலக வேலை பார்க்கிறவருக்குத் தண்ணீர் அவ்வளவு பக்கத்தில் இல்லை. அவருடைய பயம் டிஸ்பிளே உடைவதுதான். டிஸ்பிளே மாற்ற 6,000 என்றால் மிச்சம் 5,000 மட்டும். 1,800-ஐ அதனால் வகுத்தால் 36 விழுக்காடு. மூன்று ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் டிஸ்பிளே உடைப்பவராக இருந்தால் தவிர, அவருக்கு இந்தத் திட்டம் தேவையில்லை. நல்ல கவரும் டெம்பர்டு கிளாசும் போதும்.

இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. பழுதுச் செலவு போன் மதிப்பின் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தாண்டினால், பல திட்டங்கள் பழுதுபார்க்காமல் முழுச் சேதம் என்று முடித்துவிடும். உப்புத் தண்ணீரில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் பறிபோவது மதர்போர்டு. அப்போது கிடைப்பது வாங்கிய விலை அல்ல, தேய்மானம் கழித்த விலை. எட்டாவது மாதத்துக்கு 40 விழுக்காடு கழிவு என்று திட்டத்தில் இருந்தால் 14,400. அதில் 1,000 போக 13,400. சேதமான போன் திட்டக் கம்பெனிக்குப் போய்விடும். இதுவும் மோசமில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் கழிவு இன்னும் ஏறும். திட்டத்தின் விலை குறையாமல், கிடைக்கும் தொகை மட்டும் மாதாமாதம் இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் விபத்துத் திட்டத்தை ஓராண்டுக்கு வாங்குவது சரி, இரண்டு ஆண்டுக்கு ஒரேயடியாக வாங்குவது பெரும்பாலும் சரியில்லை என்பது என் கணிப்பு. 10,000 ரூபாய்க்குக் கீழே உள்ள போனுக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல தண்ணீர் புகாப் பை கிடைக்கும்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி மட்டும் யாருக்கு? விலை உயர்ந்த போனை மூன்று நான்கு ஆண்டு வைத்திருக்கும் எண்ணத்தோடு, தண்ணீர் பக்கம் கொண்டுபோகாமல் வைத்திருப்பவருக்கு. அவருக்குமே, சிம் துளையின் அந்த வெள்ளைத் தாள் ஒருமுறை சிவந்துவிட்டால் வாரண்டி செல்லாது. உப்புக்காற்று ஊரில் அதன் மதிப்பு கடல் இல்லாத ஊர்களைவிடக் குறைவு.

## பில் போடும் முன் பார்க்க வேண்டியவை

திட்டத்தின் சான்றிதழ் தனியாக வருகிறதா, அதில் இருக்கும் ஐஎம்இஐ எண்ணும் போனில் *#06# அழுத்தினால் வரும் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள். ஓர் எண் மாறினாலும் கிளைம் நேரத்தில் பெரும் தலைவலி. தவணையில் வாங்கினால், கேட்காமலே திட்டத்தொகையைக் கடனில் சேர்த்துவிடும் கடைகள் உண்டு. பில்லில் தனி வரியாக இருக்கும், வேண்டாம் என்றால் அப்போதே நீக்கச் சொல்ல வேண்டும்.

விலக்குப் பட்டியலில் மூன்று சொற்களைத் தேடுங்கள்: தண்ணீர்ச் சேதம், தொழில் பயன்பாடு, தேய்மானம். முதலாவது விலக்கில் இருந்தால் கடலோரத்தில் அந்தத் திட்டம் வீண். தொழிலுக்குப் பயன்படுத்தும் போனை விலக்கும் திட்டமும் உண்டு. மீன் விலை கேட்கவும் ஜிபிஎஸ் பார்க்கவும் போன் வைத்திருப்பவர் இதைக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்துப்போவார்கள் என்று சொன்னால், உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள். ராமேஸ்வரம் 623526 பட்டியலில் இல்லையென்றால் ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவும் ஒரு நாள் கூலியும் மேலே போட்ட கணக்கில் சேரும்.

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் துபாயிலிருந்தோ சவுதியிலிருந்தோ வரும் போன்கள் அதிகம். பல பிராண்டுகளின் வாரண்டி வாங்கிய நாட்டுக்குள் மட்டும் செல்லும். இங்கே விற்கும் திட்டங்களோ பொதுவாக ஜிஎஸ்டி பில் இருக்கும் போனுக்குத்தான். அந்தப் போனுக்கு உள்ளூர்க் கடையில் யாராவது திட்டம் விற்றால், வெளிநாட்டு பில்லுக்குக் கிளைம் உண்டு என்று எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

## கிளைம் மறுக்கப்பட்டால்

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த விதியின்படி மறுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். சர்வீஸ் சென்டரின் ஆய்வு அறிக்கையையும், திறந்தபோது எடுத்த படங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிறகு உங்கள் தாளில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரும் பாலிசி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. பாலிசி எண் இல்லாத சர்வீஸ் ஒப்பந்தம் என்றால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அப்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், சான்றிதழ், மறுப்புக் கடிதம், புகார் எண், வாங்கிய அன்று எடுத்த சிம் ட்ரே படம் ஆகிய ஐந்தும் சேர்ந்தால் மனு தயார்.